"இன்னும் 2 மட்டுமே": இழப்பு பயம், பற்றாக்குறை, தேர்வுத் திணறல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷூ பார்க்கத்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பிடித்திருக்கிறதா என்றுகூட முடிவு செய்யவில்லை, அதற்குள் பணம் கட்டிவிட்டேன். எனக்கு என்ன ஆச்சு?

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் உங்களிடம் கேட்ட கேள்வி நடுவழியில் மாறிவிட்டது.

நீங்கள் போன வழியை மெதுவாகத் திரும்பிப் பார்ப்போம். முதலில் பட்டியல். நூற்றுக்கும் மேற்பட்ட ஷூக்கள், பாதி ஒன்றுபோலவே இருக்கும். நாலைந்து தடவை கீழே தள்ளிப் பார்த்ததும் கண் சோர்ந்துபோகிறது. அந்த நேரம் பார்த்து "அதிகம் விற்பது" என்ற பட்டையோடு ஒன்று நிற்கிறது. தேடும் வேலை முடிந்தது என்று அதை அழுத்துகிறீர்கள். உள்ளே 100 என்ற விலை குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் 60 என்று இருக்கிறது. உங்கள் அளவைத் தொட்டதும் "இந்த அளவில் இன்னும் 2 மட்டுமே" என்று சிவப்பு எழுத்து. கூடையில் போட்டதும் 10:00 என்று ஒரு டைமர் இறங்கத் தொடங்குகிறது. வெளியே போகப் பார்த்தால், "40 தள்ளுபடியை இழக்கப் போகிறீர்கள்" என்று ஒரு பெட்டி வழியை மறிக்கிறது.

உள்ளே வரும்போது உங்கள் மனதில் இருந்த கேள்வி, "இந்த ஷூ எனக்கு வேண்டுமா?" கடைசியில் நீங்கள் பதில் சொன்ன கேள்வி, "இதைக் கைவிட எனக்கு மனம் வருமா?" முதல் கேள்விக்கு ஷூவைப் பார்க்க வேண்டும், காலுக்குச் சரியாக இருக்குமா, எதற்குப் போடப்போகிறோம், வீட்டில் இருப்பது போதாதா என்று யோசிக்க வேண்டும். இரண்டாவதற்கு அதெல்லாம் தேவையில்லை, பயம் ஒன்றே போதும். இத்தனையில் எதை எடுப்பது என்ற தேர்வுத் திணறல் உங்களைச் சோர்வாக்கியது, அடித்த விலை உங்களுக்கு ஒரு சொத்து இருப்பதாகக் காட்டியது, பற்றாக்குறையும் டைமரும் அந்தச் சொத்து பறிபோகப்போவதாகச் சொல்லின. தனித்தனியாக ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். இந்த வரிசையில் வரும்போதுதான் இழுப்பு பலமாகிறது.

இழப்பு பயம் என்பது உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா? "இரண்டு மடங்கு வலிக்கும்" என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன்.

அந்த "இரண்டு மடங்கு" டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்களின் வேலையிலிருந்து வருகிறது. 1979-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, மனிதர்கள் லாபத்தையும் நஷ்டத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை என்று காட்டியது. ஒரு நாணயத்தைச் சுண்டுவோம், தலை விழுந்தால் 100 உங்களுக்கு, பூ விழுந்தால் 100 நீங்கள் தர வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலோர் வேண்டாம் என்பார்கள். ஜெயித்தால் கிடைப்பது 200-ஐ நெருங்கும்போதுதான் பலர் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள். 1992-இல் அவர்களே இதற்கு ஒரு எண் போட்டார்கள்: சுமார் 2.25. உளவியலில் இதன் பெயர் லாஸ் அவெர்ஷன்.

கடைக்கு நெருக்கமான சோதனை 1990-இல் வந்தது. கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு காபி கோப்பையைக் கொடுத்தார்கள். கிடைத்தவர்கள் எவ்வளவுக்கு விற்பார்கள், கிடைக்காதவர்கள் எவ்வளவுக்கு வாங்குவார்கள் என்று கேட்டார்கள். கோப்பை ஒன்றுதான், யாருக்குக் கிடைத்தது என்பதும் வெறும் அதிர்ஷ்டம்தான். ஆனால் விற்கிறவர் கேட்ட விலை, வாங்குகிறவர் சொன்ன விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. கைக்கு வந்த சில நிமிடத்திலேயே அது "என்னுடையது" ஆகிவிட்டது.

ஆனால் இதை இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பதற்கென்றே சரக்கு வைத்திருக்கும் வியாபாரிக்கு, சரக்கு கைவிட்டுப் போவது இழப்பாகத் தோன்றாது. வாங்குவதற்கென்றே நாம் ஒதுக்கிய பணம் செலவாவதும் அப்படித்தான், பெரிதாக வலிக்காது. 2005-இல் சார்லஸ் பிளாட், கேத்ரின் ஸைலர் என்ற இருவர், விலை சொல்லும் முறையில் முதலில் நன்றாகப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கோப்பைச் சோதனையை நடத்தினார்கள். அந்த இடைவெளி காணாமல் போனது. ஆகவே பயம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். "நஷ்டம் என்று எழுதினால் விற்பனை இரட்டிப்பாகும்" என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். 2.25 என்பது விற்பனையை அளந்த எண்ணே இல்லை.

தள்ளுபடி என்றாலும் கூடுதல் கட்டணம் என்றாலும் கடைசியில் நான் கொடுப்பது ஒரே தொகைதானே? இதில் என்ன தந்திரம் இருக்க முடியும்?

தொகை ஒன்றுதான். எங்கிருந்து அளக்கிறோம் என்பது மாறுகிறது.

கார்டில் கட்டினால் 103, ரொக்கமாகக் கட்டினால் 100 என்று வைத்துக்கொள்வோம். "விலை 103, ரொக்கத்துக்கு 3 தள்ளுபடி" என்று பலகை வைத்தால், கார்டில் கட்டுகிறவர் ஒரு சலுகையைத் தவறவிடுகிறார், அவ்வளவுதான். "விலை 100, கார்டுக்கு 3 கூடுதல்" என்று வைத்தால் அவர் தண்டம் கட்டுகிறார். தவறவிடுவதைவிடத் தண்டம் அதிகம் உறுத்தும். அமெரிக்காவில் இரண்டு விலை வைப்பது பற்றிய பேச்சு வந்தபோது, வித்தியாசம் இருந்தே ஆக வேண்டுமானால் அதை "ரொக்கத் தள்ளுபடி" என்றே அழைக்க வேண்டும் என்று கார்டு நிறுவனங்கள் வற்புறுத்தியதை தேலர் 1980-இலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். காசு சம்பந்தப்பட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருந்தது.

அடித்துக் காட்டும் விலையும் இதே வேலையைத்தான் செய்கிறது. 60 என்று மட்டும் இருந்தால் நீங்கள் பூஜ்யத்திலிருந்து அளக்கிறீர்கள்: 60 கொடுக்கத் தகுமா? பக்கத்தில் 100 அடிக்கப்பட்டிருந்தால் 100-இலிருந்து அளக்கிறீர்கள். 40 ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது; வாங்காமல் போனால் அது போகிறது. அதனால் முழு விஷயமும் அந்த 100 உண்மையா என்பதில்தான் நிற்கிறது. நேற்றுவரை உண்மையிலேயே 100-க்கு விற்று, பலர் வாங்கியிருந்தால் அது நல்ல தகவல். ஒருநாளும் யாரும் அந்த விலைக்கு வாங்காத பொருளில் 100 என்று எழுதி அடித்தால், அந்த 40 கடைக்காரர் கற்பனையில் இருந்த பணம்.

இடைப்பட்ட தந்திரம் ஒன்றும் உண்டு. 60-க்கே விற்றுக்கொண்டிருந்த பொருளை ஒரு வாரம் மட்டும் 100 ஆக்குவது, பிறகு "40 சதவீதத் தள்ளுபடி" என்று பழைய 60-க்குக் கொண்டுவருவது. இதை அடைக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே மாதம் முதல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: விலைக் குறைப்பை அறிவிக்கும்போது, அதற்கு முந்தைய குறைந்தது 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையை முந்தைய விலையாகக் காட்ட வேண்டும். அந்தக் கணக்குப்படி மேலே சொன்ன கடை காட்ட வேண்டிய முந்தைய விலை 60. தள்ளுபடி பூஜ்யம். எனக்குத் தெரிந்து இந்தப் பிரச்சினைக்கு எழுதப்பட்ட மிகத் தெளிவான விதி இதுதான், ஏனென்றால் கடைக்காரரின் எண்ணம் என்ன என்று யாரும் தோண்ட வேண்டியதில்லை, விலைப் பட்டியலைப் பார்த்தால் போதும்.

"2 மட்டுமே இருக்கிறது" என்பது உண்மையாகவே இருந்தால்? உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு?

உண்மையாக இருந்தால் சொல்வது நல்லது என்பதே என் கருத்து. நாளைக்கு வரலாம் என்று நினைத்துப் போகிறவருக்கு, நாளைக்கு இருக்காது என்று சொல்லாமல் விடுவதுதான் கெடுதல். ஆனால் "உண்மை" என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. எதைப் பற்றிய உண்மை என்று கேட்க வேண்டும்.

அந்த ஷூவையே எடுத்துக்கொள்வோம். 2 என்பது எதன் எண்ணிக்கை? இந்த நிறத்தில், இந்த அளவில், இந்த விற்பனையாளரிடம் 2 என்று இருக்கலாம். அதே ஷூ கறுப்பில் 300 இருக்கலாம். பக்கத்துக் கிடங்கில் இன்னும் 500 இருந்து, நாளைக் காலை எண் தானாக ஏறலாம். கடைக்காரர் கணினியில் "ஒரு தடவைக்கு 2 மட்டும் காட்டு" என்று தானே வரம்பு வைத்திருக்கவும் முடியும். எல்லாவற்றிலும் திரையில் வருவது "2 மட்டுமே". வாங்குகிறவர் புரிந்துகொள்வதோ ஒன்றே ஒன்றுதான்: இப்போது எடுக்காவிட்டால் கிடைக்காது. அந்தப் புரிதல் சரியாக இருந்தால் வாக்கியம் நேர்மையானது. எண் சரி, புரிதல் தப்பு என்றால், அந்தத் தப்பைத்தான் கடை விற்கிறது.

இந்த எல்லை எங்கே விழுகிறது என்பதை ஹோட்டல் முன்பதிவுத் தளங்கள் விஷயத்தில் பிரிட்டனின் போட்டி ஆணையம் அருகில் போய்ப் பார்த்தது. "இதே ஹோட்டலை இப்போது இன்னும் இத்தனை பேர் பார்க்கிறார்கள்" என்று ஒரு அறிவிப்பு வரும். பார்க்கிறார்கள் என்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் வேறு தேதிக்குத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் தேதியில் உங்களோடு போட்டி போட ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். இன்னொன்று, ஏற்கெனவே அறை தீர்ந்துபோன ஹோட்டல்களைத் தேடல் முடிவுகளுக்கு நடுவே வைப்பது. அவை தீர்ந்துபோனது நிஜம். உங்களுக்கு அங்கே அறை கிடைக்காது என்பதால் அந்த வரிசையால் பயன் ஒன்றும் இல்லை, "எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது" என்ற பதற்றம் மட்டும் மிஞ்சும். 2019-இல் ஆறு பெரிய தளங்கள் இவற்றை மாற்றிக்கொள்வதாக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டன. இரண்டு உதாரணத்திலும் அப்பட்டமான பொய் எதுவும் இல்லை, கவனித்தீர்களா? உண்மையான துண்டுகளை அடுக்கியே தவறான படத்தை உருவாக்க முடிகிறது.

குறைவாக இருப்பது ஏன் இப்படி இழுக்கிறது என்பதற்கு 1975-இல் ஸ்டீபன் வோர்ச்செல் குழுவினர் செய்த பிஸ்கட் சோதனை பழைய ஆதாரம். ஜாடியில் 10 பிஸ்கட் இருந்ததைவிட 2 இருந்தபோது அதே பிஸ்கட்டைக் கூடுதலாக விரும்பினார்கள். முதலில் 10 இருந்து, கண்ணெதிரே 2 ஆகக் குறைந்தபோது விருப்பம் இன்னும் ஏறியது. மற்றவர்கள் எடுத்துப்போனதால் குறைந்தது என்று தெரிந்தபோது மிக அதிகம். தளங்கள் "இன்று 14 பேர் வாங்கினார்கள்" என்ற வரியை "2 மட்டுமே"க்குப் பக்கத்திலேயே வைப்பது இதனால்தான்.

டைமர் பொய்யா நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அது பூஜ்யம் ஆகும்வரை காத்திருங்கள். இதைவிட நல்ல சோதனை இல்லை, செலவும் இல்லை. பூஜ்யம் ஆன பிறகு விலை ஏறியதா, பொருள் கூடையிலிருந்து போனதா என்று பாருங்கள். எதுவும் மாறவில்லை என்றால், அல்லது பக்கத்தைப் புதுப்பித்ததும் மறுபடி 10:00 என்று ஆரம்பித்தால், அந்தக் கடிகாரத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், அதே பக்கத்தை பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்திலோ இன்னொரு போனிலோ திறந்து பாருங்கள். "விற்பனை இன்றிரவு முடிகிறது" என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் முடிய வேண்டும். உங்கள் முதல் திரையில் 03:12, புதிதாகத் திறந்ததில் 10:00 என்றால், நீங்கள் வந்த நேரத்திலிருந்து ஓடும் கடிகாரம் அது.

ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. நிகழ்ச்சி டிக்கெட், விமான இருக்கை மாதிரியான இடங்களில், நீங்கள் தேர்ந்த இருக்கை சில நிமிடங்களுக்கு உங்கள் பெயரில் பூட்டப்படும். இங்கே ஆளுக்கொரு டைமர் ஓடுவது நியாயம்தான்; நேரம் முடிந்தால் இருக்கை அடுத்தவருக்குப் போக வேண்டும். இதையும் சோதிக்கலாம்: இன்னொரு போனில் பார்க்கும்போது அந்த இருக்கை எடுக்கப்பட்டதாகக் காட்டினால் பூட்டு உண்மை. ஷூவுக்கு இப்படிப் பூட்டுவதாகச் சொல்லும் கடைகளில் அப்படி எதுவும் தெரிவதில்லை என்றால், சந்தேகப்படுங்கள்.

இருப்பு எண் விஷயத்தில் மோசமான வகை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். பக்கத்துக்குள் இப்படி ஒரு வரி இருந்தால் போதும்:

```
let left = Math.floor(Math.random() * 5) + 2;
```

இது 2 முதல் 6 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கிறது. கிடங்கைக் கேட்பதே இல்லை. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வரும். சில நிமிட இடைவெளியில் 3, பிறகு 6, பிறகு 2 என்று ஏறி இறங்கினால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவர் ஆர்டரை ரத்து செய்தாலும் எண் ஏறலாம், அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் சுமார் 11,000 ஷாப்பிங் தளங்களைத் தானியங்கி முறையில் அலசி, வாங்குகிறவரைச் சிக்கவைக்கும் இதுபோன்ற வலைகளை 1,818 இடங்களில் கண்டார்கள். தீர்ந்த பிறகும் ஒன்றும் மாறாத டைமர்களும், "இப்போதுதான் ஒருவர் வாங்கினார்" என்று குலுக்கல் முறையில் பெயர் போடும் அறிவிப்புகளும் அதில் இருந்தன.

தேர்வு அதிகமானால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஒரு ஜாம் ஆய்வைச் சொல்கிறார்களே, அது சரியா?

ஆய்வு நிஜம். அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் அவசரம் இருக்கிறது.

ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-இல் வெளியிட்டது. ஒரு கடையில் ஜாம் சுவைத்துப் பார்க்க மேசை போட்டார்கள். சில நேரம் 24 வகை, சில நேரம் 6 வகை. 24 வகை மேசையைக் கடந்த 242 பேரில் 145 பேர் நின்றார்கள், அவர்களில் வாங்கியவர் 4. 6 வகை மேசையைக் கடந்த 260 பேரில் நின்றவர் 104, வாங்கியவர் 31. நின்றவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் 3 சதவீதம், 30 சதவீதம். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கடந்துபோன எல்லோரையும் வைத்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட 2 சதவீதத்துக்கு 12 சதவீதம் என்று வித்தியாசம் பெரிதாகவே நிற்கிறது. நிறைய இருந்தால் கூட்டம் கூடுகிறது, கை நீள்வதில்லை.

அப்புறம் வந்தவர்கள் இதையே வேறு பொருட்களில் செய்து பார்த்தபோது ஒரே மாதிரி வரவில்லை. 2010-இல் பென்யமின் ஷைபஹென்னும் சகாக்களும் 50 சோதனைகளைச் சேர்த்து அலசினார்கள்; சராசரி விளைவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சிலவற்றில் தேர்வு அதிகமானது நல்லதே செய்திருந்தது. 2015-இல் அலெக்ஸாண்டர் செர்னெவ் குழுவினர் எப்போது திணறல் வரும் என்று பிரித்துப் பார்த்தார்கள். பொருட்களை ஒப்பிடுவதே சிக்கலாக இருந்தால், முடிவெடுக்கும் வேலை கடினமாக இருந்தால், தனக்கு என்ன வேண்டும் என்று வாங்குகிறவருக்கே தெளிவில்லாமல் இருந்தால், வெறுமனே பார்க்க வராமல் முடிவெடுத்தே தீர வேண்டும் என்று வந்திருந்தால் திணறல் கூடுகிறது.

மூன்றாவது காரணம்தான் கடையில் தினமும் கண்ணில் படுவது. ஓடுவதற்கு, அகலமான பாதத்துக்கு, இந்த அளவு என்று தெரிந்து வருகிறவருக்கு 120 ஷூவும் ஒரு தொல்லை இல்லை. மூன்று தடவை வடிகட்டினால் ஐந்தாகிவிடும். "ஒரு நல்ல ஷூ" என்று மட்டும் வருகிறவருக்கு 20-உம் அதிகம். அதனால் "பொருளைக் குறை" என்பது பாதித் தீர்வுதான். பிரித்து அடுக்குவதும், ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று ஒரு வரி எழுதுவதும் பெரும்பாலும் அதைவிட அதிகம் உதவும்.

திணறுகிறவருக்கு "எங்கள் பரிந்துரை" என்று ஒன்றைக் காட்டுவது உதவியா, தள்ளிவிடுவதா?

எதை வைத்துப் பரிந்துரை என்று சொன்னால் உதவி. "அகலமான பாதம் உள்ளவர்கள் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டது" என்றால் அதில் ஒரு அளவுகோல் இருக்கிறது. விளம்பரப் பணம் கட்டிய பிராண்டுக்கோ லாபம் அதிகமுள்ள சரக்குக்கோ அதே பட்டையை ஒட்டினால், சோர்ந்துபோனவரின் சோர்வை விலை பேசுகிறோம். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த காப்பீடு, கூடுதல் உத்தரவாதம் போன்றவை இன்னும் ஒரு படி கீழே. அங்கே அவர் தேர்ந்தெடுக்கவே இல்லை.

நான் சின்னதாக ஆன்லைனில் பை தைத்து விற்கிறேன். என்னிடம் உண்மையாகவே சரக்கு குறைவு. எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

ஒரு துணியில் 12 பைதான் வரும் என்று வைத்துக்கொள்வோம். 9 விற்றுவிட்டது. "இந்தத் துணியில் 12 தைத்தேன், 3 இருக்கிறது. இந்தத் துணி இனி வராது, இதே வடிவம் அடுத்த மாதம் வேறு துணியில் வரும்" என்று எழுதுங்கள். பற்றாக்குறையை நீங்கள் மறைக்கவில்லை. எதனால் குறைவு என்பதும், விட்டால் உண்மையில் எதை இழப்பார் என்பதும் அதில் இருக்கிறது. கடைசி வாக்கியம் சில விற்பனையைத் தள்ளிப்போடும். அதுதான் அதை நேர்மையாக்குகிறது, ஏனென்றால் வடிவம் மட்டும் பிடித்தவருக்கு அவசரமே இல்லை.

அதே 3 பையை வைத்துக்கொண்டு "கடைசி வாய்ப்பு! தவறவிட்டால் வருந்துவீர்கள்" என்று எழுதினால், எண் பொய்யில்லை. ஆனால் வடிவம் மறுபடி வரும் என்று தெரிந்தும் நீங்கள் மறைத்தீர்கள். நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இது: வாங்கியவர் அடுத்த நாள் உங்கள் சரக்கு அறைக்குள் வந்து எல்லாவற்றையும் பார்த்தால், நீங்கள் எழுதிய வரியைப் பற்றி அவரிடம் ஏதாவது விளக்கம் சொல்ல வேண்டியிருக்குமா? வேண்டியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இழப்பைச் சொல்வதே தப்பு என்பதில்லை. ஒரு படச் சேமிப்புச் சேவையை ரத்து செய்கிறவரிடம் "30 நாளில் உங்கள் படங்கள் அழிக்கப்படும், அதற்குள் இங்கே இறக்கிக்கொள்ளலாம்" என்று சொல்லாமல் விட்டால், அதுவே பெரிய குற்றம். "உங்கள் நினைவுகளை உண்மையிலேயே தூக்கி எறியப் போகிறீர்களா?" என்று கேட்டு, ரத்து செய்யும் பொத்தானுக்கு "ஆமாம், எனக்கு அக்கறையில்லை" என்று பெயர் வைப்பது வேறு. முதலாவதில் அவர் கையில் தகவலும் வழியும் இருக்கிறது. இரண்டாவதில் குற்ற உணர்ச்சி மட்டும்தான்.

சட்டம் இதில் தலையிடுகிறதா?

தலையிடுகிறது, ஆனால் பெரும்பாலும் பொய் என்ற விளிம்பில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு வணிக நடைமுறை விதி, பொருள் மிகக் குறுகிய நேரமே கிடைக்கும் என்று பொய்யாகச் சொல்லி யோசிக்க நேரம் தராமல் செய்வதை எந்தச் சூழலிலும் தடை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. இந்தியா 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை வலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. போலி அவசரம், கேட்காமல் கூடையில் பொருள் சேர்ப்பது, வெட்கப்பட வைத்துச் சம்மதம் வாங்குவது எல்லாம் அதில் உண்டு. வாங்குகிறவர் செய்யக்கூடியது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதுதான்: டைமர் முடிவதற்கு முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று, நேரம் தெரியும்படி. புகார் கொடுக்கும்போது இந்த இரண்டு படம் நீண்ட விளக்கத்தைவிடப் பேசும்.

இலவச சோதனைக் காலம் முடிந்ததும் ரத்து செய்ய மனம் வருவதில்லை. இதுவும் அதேதானா?

அதேதான். கோப்பைச் சோதனையில் கோப்பை கைக்கு வந்தது போல, சேவை உங்கள் கைக்கு வந்துவிட்டது. இலவச சோதனைக் காலம் தருவது நேர்மையானதுதான். முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லாததும், சேர ஒரு சொடுக்கு, விலக ஐந்து பக்கம் என்று வைப்பதும்தான் நேர்மையற்றது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வாங்கிவிடுகிறேன். என்ன செய்வது?

தெரிந்துகொள்வதால் மட்டும் இது நிற்காது, அதனால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே என்ன வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பேன் என்று போனிலோ தாளிலோ இரண்டு வரி எழுதிவிடுங்கள். இது மூன்றுக்கும் எதிராக ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. என்ன வேண்டும் என்று எழுதியிருந்தால் 120 ஷூ ஐந்தாகிவிடும். விலையை நீங்களே முதலில் எழுதியிருந்தால், 100-ஐ அடித்துக் காட்டினாலும் உங்கள் அளவு அங்கிருந்து ஆரம்பிக்காது. கூடையில் டைமர் ஓடும்போது எழுதியதைப் பார்த்து, பொருந்தினால் வாங்குங்கள், பொருந்தாவிட்டால் டைமரை ஓட விடுங்கள்.

வாங்கி வந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் சந்தேகம் வருகிறது என்றால், "திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்காதீர்கள். கையில் இருக்கும் பொருளைக் கைவிடும் கேள்வி அது, பதில் எப்போதும் "வேண்டாம்" பக்கம் சாயும். "இது என்னிடம் இல்லை, இன்று இதே விலைக்குக் கடையில் இருக்கிறது, வாங்குவேனா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். திருப்பும் காலக்கெடுவுக்கும் ஒரு டைமர் ஓடுகிறது, பெரும்பாலும் அதை யாரும் உங்கள் கண்முன் சிவப்பில் காட்டமாட்டார்கள்.